எந்தக் கிழமை, எத்தனை மணி, என்ன வேலை: தன்னார்வலரை அழைக்கும் சிறு அறிவிப்பை எழுதும் முறை

யாங்கூன் நகரில் ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்தால், குடும்பத்தார் முதலில் தேடுவது ஒரு வண்டியையும் தூக்கும் கைகளையும்தான். நகரத்துக்குள்ளேயே இருந்த ச்சன்டோ இடுகாடு 1990களில் அகற்றப்பட்டது. அதன்பின் யேவே போன்ற தொலைவான இடங்களுக்கே உடலைக் கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று. நடந்து செல்லக்கூடிய இறுதி ஊர்வலம் வாகனப் பயணமாக மாறியது. அந்தப் பயணத்தின் செலவு அன்றாடக் கூலியில் வாழும் குடும்பங்களுக்குத் தாங்க இயலாததாயிற்று.

இந்த நிலையில்தான் 2001ஆம் ஆண்டு திரைப்பட இயக்குநர் தூக்கா, நடிகர் சோ தூ முதலியோர் இலவச இறுதிச் சடங்கு உதவிச் சங்கத்தை யாங்கூனில் தொடங்கினர். இறந்தவர் எந்த மதத்தவர் ஆயினும் கட்டணமின்றி உதவுவது அச்சங்கத்தின் முறை. சவப்பெட்டி சுமப்பதை இழிவாகவும் அபசகுனமாகவும் கருதிய காலத்தில், நாடறிந்த நடிகர் ஒருவர் தாமே தோள் கொடுத்துப் பெட்டி சுமந்ததையும் வண்டி ஓட்டியதையும் மக்கள் கண்டனர். பின்னர் அச்சங்கம் தூக்காவின் பெயரால் ஏழைகளுக்கான மருத்துவ நிலையத்தையும் நடத்தியது. 2008 மே மாதத்தில் நர்கிஸ் புயல் ஐராவதி ஆற்றின் கழிமுகத்தைத் தாக்கியபோது நிவாரணப் பணியிலும் இறங்கியது. அதனைப் பின்பற்றி நகரின் பல வார்டுகளிலும் சிறிய உதவிக் குழுக்கள் தோன்றின. பர்மிய மொழியில் இவற்றைப் 'பரஹித' அமைப்புகள் என்பர். 'பரஹிதம்' என்னும் அச்சொல் தமிழருக்கும் புதிதன்று.

இக்குழுக்கள் அனைத்துக்கும் பொதுவான தேவை ஆள்பலம். பெரும்பாலான குழுக்கள் ஆள் சேர்ப்பது ஒரு படத்தையும் அதன் கீழ் எழுதும் சில வரிகளையும் கொண்டே. அது ஃபேஸ்புக்கில் வரும். வைபர் குழுக்களில் கைமாறும். கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் அச்சிட்டு ஒட்டப்படும். அந்தச் சில வரிகளை எவ்வாறு எழுதினால் வர வேண்டியவர் வருவார் என்பதே இக்கட்டுரையின் பொருள். இறுதிச் சடங்கு உதவிக் குழு ஒன்றின் தேவையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அது இங்கு விளக்கப்படுகிறது.

வழக்கமாகக் காணப்படும் அறிவிப்பு இவ்வாறு இருக்கும்: "சேவை மனம் கொண்ட அனைவரும் வருக. நேரம் கிடைக்கும்போது உதவினால் போதும். விருப்பமுள்ளோர் தொடர்புகொள்க." இதைப் படிப்பவர் பலரும் நல்லெண்ணத்தோடு பெயர் கொடுப்பர். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வரும்போது, பெயர் கொடுத்த நாற்பது பேரில் எவருக்கும் அது 'நேரம் கிடைக்கும்போது' ஆக இருப்பதில்லை. அவர்கள் ஏமாற்றியவர்கள் அல்லர். அவர்களிடம் எந்த நாளும் கேட்கப்படவில்லை. ஆகவே எந்த நாளையும் அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. தன்னார்வ அறிவிப்பு ஒப்பந்தப் பத்திரம் அன்று. எனினும் ஒப்பந்தத்தைப் போலவே, எது கேட்கப்படுகிறது என்பது தெளிவாக இல்லாதபோது ஒப்புதலும் பொருளற்றதாகிவிடுகிறது. அதன் சுமை வீட்டுக்குள் உடலை வைத்துக்கொண்டு காத்திருக்கும் குடும்பத்தின்மேல் விழுகிறது. யாங்கூனின் வெயிலில் அந்தக் காத்திருப்பு எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

எனவே எழுதத் தொடங்குமுன் செய்ய வேண்டியது கணக்கு. ஒரு வண்டி வைத்திருக்கும் சிறு குழுவைக் கருதுவோம். காலை 7 மணி முதல் 12 மணி வரை ஒரு முறை, 12 மணி முதல் மாலை 5 மணி வரை மற்றொரு முறை என அக்குழு நாள்தோறும் இயங்குகிறது. ஓட்டுநர் உரிமம் பெற்றவர் மாதச் சம்பளத்தில் இருக்கிறார். ஒவ்வொரு முறைக்கும் பெட்டி தூக்க நால்வரும் தொலைபேசி எடுக்க ஒருவருமாகத் தன்னார்வலர் ஐவர் வேண்டும். வாரத்தில் 14 முறைகள். ஆகவே 70 இடங்கள். ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மூவரால் பெட்டியைச் சீராகத் தூக்க இயலாது. அதனால் முறைக்கு ஒருவர் மாற்றாளாகவும் இருந்தாக வேண்டும். அது மேலும் 14. மொத்தம் 84 இடங்கள். ஒருவர் வாரத்தில் ஒரு முறை மட்டுமே வருவார் என்றால் 84 பேர் தேவை. தவறாமல் வருவோர் இப்பொழுது 50 பேர் எனில், குறைவது 34 பேர்.

கணக்கு அத்துடன் முடிவதில்லை. அந்த 34 இடங்களும் வாரம் முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு எப்பொழுதும் ஆள் மிகுதியாக இருக்கும்; வேலை நாள்களின் காலைப் பொழுதுதான் வெறுமையாக இருக்கும். நம் எடுத்துக்காட்டில், திங்கள் முதல் வெள்ளி வரையிலான காலை முறைகளில் மட்டும் 22 இடங்கள் காலி என்று கொள்வோம். அவற்றில் தூக்குவோர் 18 பேர். தொலைபேசிக்கு 4 பேர். அவ்வாறாயின் இந்த அறிவிப்பு அந்த 22 இடங்களுக்கு மட்டுமே எழுதப்பட வேண்டும். மீதி 12 பேருக்குப் பின்னர் வேறொரு அறிவிப்பு எழுதலாம். 'அனைவரும் வருக' என்றால் ஞாயிற்றுக்கிழமைக்கே இன்னும் இருபது பேர் வருவர். அவர்களுக்குக் கொடுக்க வேலை இராது. இருமுறை சும்மா உட்கார்ந்துவிட்டு வராமல் நின்றுவிடுவர். குறிப்பிட்ட பொழுதைச் சொல்லும்போது, அந்தப் பொழுதில் ஓய்வாக இருப்பவரின் கண்ணில் அது படும். ஓய்வு பெற்றோர், மாலையில் கடை திறப்போர், தொலைநிலைக் கல்வி பயிலும் மாணவர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்ட தாய்மார் ஆகியோர் தம்மைத்தான் கேட்கிறார்கள் என்று உணர்வர்.

அடுத்தது நேரத்தைச் சொல்லும் விதம். 'இரண்டு மணி நேரம் போதும்' என்று குறைத்துச் சொல்லும் ஆசை எல்லாக் குழுக்களுக்கும் உண்டு. இடுகாடு சென்று சடங்கு முடியக் காத்திருந்து, நெரிசலில் திரும்பி, வண்டியையும் தூக்குப்பலகையையும் கழுவி வைப்பதற்குள் ஐந்து மணி நேரம் ஆகிவிடுகிறது. இரண்டு மணி என்று நம்பி வந்தவர் பத்து மணிக்குக் கடைக்குப் போயிருக்க வேண்டியவர். அவர் மறுவாரம் வரமாட்டார். வராததற்குக் காரணமும் சொல்லமாட்டார். ஆகவே பணிநேரம் என்பது குழுவின் அலுவலகத்துக்கு வந்து சேர்வதிலிருந்து, வண்டி கழுவி முடித்து விடைபெறும் வரையிலான நேரம் என்று கணக்கிட வேண்டும். சில நாள்களில் பிற்பகல் 1 மணி ஆகக்கூடும் என்றால் அதையும் சொல்லிவிட வேண்டும். எத்தனை மாதங்களுக்கு என்பதையும் எழுத வேண்டும். மூன்று மாதம் என்று கேட்டால் மூன்று மாதம் முடிந்ததும் ஒருவர் மனச்சங்கடமின்றி விலகலாம், விரும்பினால் தொடரலாம். முடிவே இல்லாத கடமையாகத் தோன்றும் பணிக்குத்தான் மனிதர் தயங்குகின்றனர்.

வேலையைச் சொல்லும்போது மென்மையான சொற்கள் தீங்கு செய்யும். 'இறுதிப் பயணத்தில் துணைநிற்றல்' என்று எழுதினால், வருபவர் மாலையும் கையுமாக நிற்பதையே எண்ணி வருவார். நகரின் மையப் பகுதிகளில் மின்தூக்கி இல்லாத ஆறு, ஏழு மாடிக் கட்டடங்கள் பல. அவற்றின் குறுகிய, செங்குத்தான படிகளில் உடலை இறக்குவது வலிமையும் பழக்கமும் வேண்டும் வேலை. முதுகுவலி உள்ளவருக்கு அது ஆகாது. உடலைத் தொட நேரும் என்பதையும் மறைக்கலாகாது. நோயால் இறந்தவரின் உடலைத் தூக்குவோருக்குக் கையுறையும் முகக்கவசமும் வேண்டும். அவற்றைக் குழு தருமா, தாமே கொண்டுவர வேண்டுமா என்பது அறிவிப்பிலேயே தெரிய வேண்டும்.

நம் மக்களுக்கு இதில் இன்னொரு கருத்தும் உண்டு. காவடிக்கு விரதம் இருப்பவர், மாலை அணிந்தவர், வீட்டில் கருவுற்ற பெண் உள்ளவர் ஆகியோர் தீட்டைக் கருதிச் சாவு வீட்டுக்குச் செல்வதைத் தவிர்ப்பர். அதைச் சரி என்றோ தவறு என்றோ சொல்வது அறிவிப்பின் வேலை அன்று. ஆனால் தூக்கும் வேலையையும் தொலைபேசி வேலையையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினால், அத்தகையவரும் தமக்கு இயன்ற பங்கைத் தேர்ந்துகொள்வர். ஒரே தொகுப்பாகச் 'சேவை' என்று எழுதினால் அவர்கள் பேசாமல் ஒதுங்கிவிடுவர்.

தொலைபேசி வேலை சிறியது போலத் தோன்றும். உண்மையில் அங்கே பிழை நேர்ந்தால் வண்டி வேறு தெருவுக்குப் போய்விடும். இறந்தவர் பெயர், வீட்டு எண், எத்தனையாவது மாடி, இறப்புச் சான்று கிடைத்துவிட்டதா, அடக்கமா தகனமா, எந்த இடுகாடு என்பனவற்றை அழுதுகொண்டிருக்கும் ஒருவரிடமிருந்து பொறுமையாகக் கேட்டு எழுத வேண்டும். அதற்குத் தமிழும் பர்மிய மொழியும் இரண்டும் பேசத் தெரிந்தவர் தேவை என்றால் அதனையும் எழுத வேண்டும்.

சேரும் வழியைப் பொறுத்தவரை, தேவையற்ற நிபந்தனை ஒன்று அடிக்கடி நுழைந்துவிடுகிறது. 'குடியுரிமை அட்டையின் நகலுடன் வரவும்' என்பது அது. 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் முழுக் குடிமக்கள், இணைக் குடிமக்கள், குடியுரிமை வழங்கப்பெற்றோர் என மூவகையினர் உள்ளனர். அவர்களுக்கான அட்டைகளின் நிறமும் வேறு வேறு. பல தலைமுறைகளாக இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களிலும், ஒரே வீட்டில் ஒருவருக்கு ஒரு நிறமும் மற்றவருக்கு வேறு நிறமும் இருப்பதுண்டு. அட்டையே கைக்கு வராதவரும் உண்டு. அந்த ஒரு வரியைக் கண்டதும் இவர்கள் அழைக்காமலே விட்டுவிடுவர். பெட்டி தூக்குவதற்கு அட்டை தேவையில்லை. குழுவின் பதிவுக்காகவோ வேறு அலுவல் காரணத்துக்காகவோ விவரம் வேண்டுமெனில், நேரில் வந்தபின் எதற்காக என்று விளக்கிக் கேட்கலாம். அட்டையின் படத்தை ஃபேஸ்புக்கில் எல்லோரும் காணுமாறு அனுப்பச் சொல்வது எக்காரணத்தாலும் தகாது. வயது, ஓட்டுநர் உரிமம் போல வேலைக்கு உண்மையாகவே தேவைப்படுவதை மட்டும் அறிவிப்பில் கேட்டால் போதும்.

சேர விரும்புபவர் செய்ய வேண்டிய செயல் ஒன்றாக இருத்தல் நலம். 'அழைக்கலாம், நேரில் வரலாம், செய்தி அனுப்பலாம், படிவம் நிரப்பலாம்' என்று நான்கு வழி சொன்னால் குழுவுக்கே பெயர்ப் பட்டியல் நான்காகிவிடும், ஒருவர் நழுவிவிடுவார். ஓர் எண்ணையும் அதில் ஆள் இருக்கும் நேரத்தையும் கொடுத்து, எத்தனை நாளில் பதில் வரும் என்றும் சொன்னால் போதும். மின்தடை உள்ள பகுதிகளில் எந்நேரமும் எடுக்க இயலாது என்பதால், எடுக்க உறுதியான இரண்டு மணி நேரத்தை மட்டும் குறிப்பிடுவது நேர்மையானது. பதில் சொல்வதாகக் குறித்த நாள் தவறினால், அழைத்தவர் அடுத்த அறிவிப்பையும் நம்பமாட்டார்.

இவை யாவும் சேர்ந்த அறிவிப்பு ஏறக்குறைய இவ்வாறு அமையும். அடைப்புக்குறிக்குள் குழுவின் விவரத்தை இட்டுக்கொள்ள வேண்டும்.

"இறுதிச் சடங்கு உதவிக்கு 22 பேர் தேவை: திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 7 முதல் 12 மணி வரை.

வாரத்தில் ஒரு காலை வந்தால் போதும். குறைந்தது மூன்று மாதம் வர வேண்டும். சில நாள்களில் பிற்பகல் 1 மணி ஆகலாம்.

18 பேர்: மாடிப்படிகளில் உடலை இறக்குதல், பெட்டியை வண்டியில் ஏற்றுதல், இடுகாட்டில் இறக்குதல், திரும்பியபின் வண்டியைக் கழுவுதல். கையுறையும் முகக்கவசமும் தரப்படும்.

4 பேர்: அலுவலகத்தில் இருந்து தொலைபேசி எடுத்து விவரம் எழுதுதல். தமிழும் பர்மிய மொழியும் பேசத் தெரிய வேண்டும். சாவு வீட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை.

வயது 18 நிறைந்திருக்க வேண்டும். ஊதியம் இல்லை. காலை உணவும் பேருந்துக் கட்டணமும் தரப்படும்.

சேர: மாலை 4 முதல் 6 மணிக்குள் (எண்) அழைத்து, எந்தக் கிழமை வர இயலும் என்று சொல்லுங்கள். மூன்று நாளுக்குள் பதில் தருவோம். அடுத்து வரும் ஞாயிறு காலை 9 மணிக்கு இரண்டு மணி நேரப் பயிற்சி. முதல் இரண்டு முறை பழகியவருடன் சேர்ந்தே செல்வீர்கள்.

(குழுவின் பெயர், வார்டு, டவுன்ஷிப்). இந்த அழைப்பு 2025 நவம்பர் 30 வரை."

முதல் வரியிலேயே எண்ணிக்கையும் கிழமையும் நேரமும் வந்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஃபேஸ்புக் நீண்ட வாசகத்தின் முதல் சில வரிகளை மட்டும் காட்டி, மீதியை மறைத்துவிடுகிறது. மேலும் படிப்பதா வேண்டாமா என்பதை அந்த வரிகளை வைத்தே மக்கள் முடிவு செய்கின்றனர். வாழ்த்தும் தத்துவமும் அங்கே இடம்பிடித்தால் கிழமை மறைந்துபோகும். இன்னொரு சிக்கல், படம் மட்டும் சேமிக்கப்பட்டு வைபரில் கைமாறும்போது கீழிருந்த வாசகம் பிரிந்துபோவது. கைகூப்பிய படம் ஒன்று ஊரெல்லாம் சுற்றும், எண் இராது. ஆகவே நாள், நேரம், தொலைபேசி எண், இறுதித் தேதி ஆகிய நான்கையும் படத்தின் மேலேயே பெரிதாக எழுதிவிட வேண்டும். அந்தப் படத்தில் துயருறும் குடும்பத்தாரின் முகமோ இறந்தவரின் முகமோ இருக்கலாகாது. குழுவினரின் கைகளும் வண்டியும் போதும்.

மொழி குறித்து ஒரு சொல். இங்குள்ள தமிழ் இளைஞருள் பலர் வீட்டில் தமிழ் பேசினாலும் பர்மிய எழுத்தையே எளிதாகப் படிப்பர். முதியோர் பலருக்கு அது மாறி இருக்கும். இரு மொழியிலும் எழுதுவதே பயன் தரும். அப்போது இரண்டிலும் நேரமும் நிபந்தனையும் ஒன்றாக உள்ளனவா என்று வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். 'குறைந்தது மூன்று மாதம்' ஒன்றில் இருந்து மற்றொன்றில் விடுபட்டுப்போவது வழக்கமான பிழை.

பர்மிய எழுத்தில் தட்டச்சு செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்று உண்டு. பர்மிய எண் வடிவில் சுழியமும் 'வ' என்னும் எழுத்தும் பார்வைக்கு ஒன்றே. ஏழுக்கும் 'ர' ஒலிக்குரிய எழுத்துக்கும் அவ்வாறே ஒற்றுமை உண்டு. 09 என்று தொடங்கும் எண்ணில் சுழியத்துக்குப் பதிலாக எழுத்து விழுந்திருந்தால், படிக்கும்போது சரியாகவே தோன்றும். ஆனால் அதைத் தொட்டோ நகலெடுத்தோ அழைக்க முயன்றால் அழைப்பு போகாது. தொலைபேசி எண்ணை 0, 9 எனும் பொது இலக்கங்களில் எழுதுவது இதற்கு மருந்து. அதுபோல, 2019 அக்டோபரில் நாடு யூனிகோடு முறைக்கு மாறியது. அதற்குமுன் பரவலாக இருந்த ஸாஜி எழுத்துருவில் அடித்த பழைய வாசகத்தை நகலெடுத்தால், புதிய கைப்பேசிகளில் எழுத்துகள் சிதைந்து தோன்றும். பழைய பாமினி முதலிய எழுத்துருக்களில் அடித்த தமிழும் அவ்வாறே ஆங்கில எழுத்துக் கலவையாக மாறும். வெளியிடுமுன் குழுவில் இல்லாத ஒருவரின் கைப்பேசியில் திறந்து பார்த்து, அதிலிருந்தே அந்த எண்ணை ஒருமுறை அழைத்துப் பார்ப்பது நன்று. அவ்வாறு பார்ப்பவரிடம், 'எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம், என்ன செய்ய வேண்டும், யாரை அழைக்க வேண்டும்?' என்று கேட்கலாம். மறுபடி படித்துப் பாராமல் நான்குக்கும் விடை சொன்னால் வாசகம் தேறிவிட்டது. ஒன்றில் அவர் தடுமாறினால் அந்த வரியைத் திருத்த வேண்டும்.

அறிவிப்பு வெளியான பின்னும் வேலை உண்டு. அழைப்பவரின் பெயரோடு கிழமையையும் எழுதிவைத்து, இடங்கள் நிரம்ப நிரம்ப 'செவ்வாய், வியாழன் நிரம்பின. திங்கள், புதன், வெள்ளி உள்ளன' என்று வாசகத்தை மாற்றிவர வேண்டும். 22 இடங்களும் நிரம்பியதும் அதை அகற்றிவிட வேண்டும், அல்லது 'நிறைவுற்றது' என்று முதல் வரியில் எழுத வேண்டும். ஆண்டில்லாத தேதியோடு விடப்பட்ட அறிவிப்பு இரண்டு ஆண்டுகள் கழித்தும் கைமாறும். அதைக் கண்டு அழைப்பவருக்கு அந்த எண்ணை எடுக்க எவரும் இருக்கமாட்டார். கோயில் வாசலிலும் கடைச் சுவரிலும் ஒட்டிய தாள்களையும் அன்றே கிழித்து எடுக்க வேண்டும். எந்தெந்த இடத்தில் ஒட்டப்பட்டது என்ற பட்டியலைக் குழுவின் பதிவேட்டில் முன்பே குறித்து வைத்திருந்தால் அது ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும்.